இடம் தீர்ந்தால் கெஸ்ட் எப்படி நிற்கிறது? qcow2 கோப்பும் எல்விஎம் தின் பூலும்

காலையில் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது. சர்வர் திறக்கவில்லை. ஹோஸ்ட் கணினியில் நுழைந்து பார்த்தால், அந்த மெய்நிகர் கணினி அணைந்தும் போகவில்லை, செயலிழந்தும் போகவில்லை. கன்சோலில் நள்ளிரவில் வந்த கடைசி வரி அப்படியே நிற்கிறது. விசையைத் தட்டினால் அசைவில்லை. இதுபோல நின்ற கெஸ்ட்டைப் பார்த்ததும் பலருடைய கை ரீஸ்டார்ட் பொத்தானுக்குத்தான் போகும். அதற்கு முன்பு ஹோஸ்ட்டில் இரண்டு கட்டளைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

```
$ virsh domstate --reason kanakku
paused (I/O error)
$ virsh domblkerror kanakku
vda: no space
```

இந்த இரண்டாவது பதில்தான் விஷயம். கெஸ்ட்டுக்குள் இருக்கும் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். இடம் இல்லாமல் போனது அதற்குக் கீழே, ஹோஸ்ட்டின் சேமிப்பில். கீழே இடம் தீர்ந்துவிட்டது என்று கெஸ்ட்டுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால்தான் அதன் லாகில் எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது.

லினக்ஸ் கேவிஎம் ஹோஸ்ட்களில் கெஸ்ட்டின் டிஸ்க்கை வைப்பதற்கு இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, சாதாரண ஃபைல் சிஸ்டத்தில் ஒரு கோப்பு. பெரும்பாலும் qcow2 வடிவம். மற்றது, எல்விஎம் தின் பூலில் ஒரு தின் வால்யூம். இரண்டுமே இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டக்கூடியவை. கையிலிருக்கும் இடம் தீர்ந்த பிறகு இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. எந்த வழியில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து, மீட்பு என்பது ஐந்து நிமிட வேலையாகவும் முடியலாம், பேக்கப்பைத் தேடும் நாளாகவும் ஆகலாம்.

முதலில், இல்லாத இடம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைப்பவர் ஆயிரம் இலை வாங்குவதில்லை; எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரப் போவதில்லை என்ற கணக்கு அது. தின் ப்ரொவிஷனிங்கின் கணக்கும் அதுதான். 40 ஜிபி டிஸ்க் வேண்டும் என்று கெஸ்ட் கேட்டால், 40 ஜிபி என்ற அளவை மட்டும் சொல்லிவிட்டு, உண்மையான இடத்தை அது எழுத எழுதக் கொடுப்பது. ஐந்து கெஸ்ட்களுக்கு 40 வீதம் 200 ஜிபி வாக்குக் கொடுத்து, கையில் 100 ஜிபி மட்டும் வைத்திருந்தால், அது இரண்டுக்கு ஒன்று என்ற ஓவர்கமிட். ஒவ்வொன்றும் 18 ஜிபி எழுதியிருந்தால் மொத்தம் 90 ஜிபி போயிருக்கும். மீதி 10.

இந்த ஐந்து கெஸ்ட்களையும் இரண்டு ஹோஸ்ட்களில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் 100 ஜிபி சேமிப்பு. முதல் ஹோஸ்ட்டில் ext4 ஃபைல் சிஸ்டத்தில் qcow2 கோப்புகள். இரண்டாவதில் எல்விஎம் தின் பூல். காகிதத்தில் இரண்டிலும் 10 ஜிபி மீதி. ஆனால் முதல் ஹோஸ்ட்டில் அப்போதே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ext4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். டெபியன் வகை ஹோஸ்ட்களில் லிப்வர்ட் கெஸ்ட்டை ஓட்டுவது ரூட் கணக்கில் அல்ல, libvirt-qemu என்ற தனிக் கணக்கில். அந்தக் கணக்குக்கு மீதி 10 அல்ல, 5 ஜிபிதான். ப்ராக்ஸ்மாக்ஸில் கெஸ்ட் ரூட்டாகவே ஓடுவதால் ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். இந்த 5 சதவீதம் பின்னால் நமக்கு உதவப்போகிறது.

இனி அந்த இரவுக்கு வருவோம். மாலையில் ஒருவர், மறுநாள் செய்யவிருக்கும் அப்டேட்டுக்கு முன்னெச்சரிக்கையாக, கணக்கு சர்வருக்கு ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்கிறார். எடுத்த கணத்தில் அது இடமே பிடிக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இரவில் டேட்டாபேஸ் தன் வழக்கமான வேலையைத் தொடங்குகிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் பக்கங்களைத் திருத்தி அதே இடத்தில் எழுதுகிறது. கெஸ்ட்டுக்குள் df போட்டால் எண் அசையவே அசையாது. ஸ்நாப்ஷாட் இல்லாத நாளில் கீழேயும் அசைந்திருக்காது. இப்போது பழைய உள்ளடக்கத்தை ஸ்நாப்ஷாட் பிடித்து வைத்திருப்பதால், திருத்தப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே புதிய துண்டு ஒன்று தேவைப்படுகிறது.

அந்தத் துண்டின் அளவைக் கவனிக்க வேண்டும். qcow2 இயல்பாக 64 கேபி துண்டுகளாக இடம் ஒதுக்கும். தின் பூலின் மிகச் சிறிய துண்டும் 64 கேபிதான். பெரிய பூல்களில் இதைவிடப் பெரியதாக இருக்கலாம். டேட்டாபேஸ் 4 கேபி மட்டும் திருத்தினாலும் முழுத் துண்டும் நகலாகிறது. 10 ஜிபி என்பது 1,63,840 துண்டுகள். டேட்டாபேஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக அத்தனை துண்டுகளையும் ஒரு முறை தொட்டால் போதும். அது எழுதியது 640 எம்பி. கீழே போனது 10 ஜிபி முழுதும். முதல் ஹோஸ்ட்டில் 5 ஜிபிதான் மீதி என்பதால் அங்கே 320 எம்பி எழுதினாலே கதை முடிந்தது. ‘நேற்று ராத்திரி யாரும் எதுவும் போடவில்லையே, எப்படி நிறைந்தது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான். எங்கோ ஒரு ஸ்நாப்ஷாட் மறந்து கிடக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதலில் நிற்பது இடத்தைத் தின்ற கெஸ்ட்டாக இருக்க வேண்டியதில்லை. இடம் தீர்ந்த பிறகு எந்த கெஸ்ட் முதலில் ஒரு புதிய துண்டைக் கேட்கிறதோ, அதுதான் நிற்கும். லாகில் நாலு வரி சேர்க்கப் போன மெயில் சர்வர் நின்று கிடக்க, தின்று தீர்த்த டேட்டாபேஸ், ஏற்கெனவே நகலான துண்டுகளிலேயே எழுதிக்கொண்டு சிறிது நேரம் ஓடும். நின்ற கெஸ்ட்டின் உள்ளே காரணத்தைத் தேடுவதால் பயனில்லை.

இப்போது முதல் ஹோஸ்ட்டில் அந்தக் கணம் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். கெஸ்ட் ஒரு எழுத்தை அனுப்புகிறது. கியூஎமு அதற்கு ஒரு துண்டை ஒதுக்க, கோப்பை நீட்டிக்கச் சொல்லிக் கர்னலைக் கேட்கிறது. ext4 உடனே ENOSPC என்ற பிழையைத் திருப்புகிறது. கியூஎமுவில் எழுத்துப் பிழைக்கான கொள்கைக்கு werror என்று பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு enospc. ‘இடம் இல்லை’ என்ற பிழை வந்தால் கெஸ்ட்டை நிறுத்தி வை, வேறு பிழை வந்தால் கெஸ்ட்டிடமே சொல்லிவிடு என்பது அதன் பொருள். ஆகவே கியூஎமு கெஸ்ட்டின் சிபியுக்களை நிறுத்துகிறது. தோற்ற எழுத்தைத் தூக்கி எறிவதில்லை, கையில் வைத்துக்கொள்கிறது. இடம் கிடைத்து நாம் `virsh resume` கொடுத்ததும் அதே எழுத்தை மறுபடி அனுப்புகிறது. இம்முறை அது வெற்றி. கெஸ்ட்டைப் பொறுத்தவரை ஒரு எழுத்து சற்றுத் தாமதமாக முடிந்தது, அவ்வளவுதான். டேட்டாபேஸின் ஒரு பைட் கூடத் தொலையவில்லை. தோல்வியைக் கையாள்வதில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாவது ஹோஸ்ட்டில் இதே கணம் இழுபறியாகப் போகிறது. தின் பூலில் துண்டு தீர்ந்ததும் கர்னல் உடனே பிழை சொல்வதில்லை. யாராவது பூலைப் பெரிதாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் எழுத்துகளை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. எவ்வளவு நேரம் என்பது no_space_timeout என்ற மதிப்பில் இருக்கிறது. இயல்பாக 60 விநாடி. அந்த ஒரு நிமிடமும் `virsh list` அந்த கெஸ்ட்டை running என்றே காட்டும். உள்ளே எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். 60 விநாடி கடந்ததும் கர்னல் பொறுமை இழந்து பிழை சொல்லத் தொடங்கும். ஹோஸ்ட்டின் dmesg இந்த இரண்டு கட்டங்களையும் தெளிவாகப் பதிந்து வைத்திருக்கும்.

```
device-mapper: thin: 253:4: switching pool to out-of-data-space (queue IO) mode
device-mapper: thin: 253:4: switching pool to out-of-data-space (error IO) mode
```

இரண்டாவது வரி வந்த பிறகு திரும்பும் பிழையும் ENOSPC-தான். எனவே கியூஎமு இங்கேயும் கெஸ்ட்டை நிறுத்தி வைக்கும். ஒரு நிமிடத் தாமதத்தைத் தவிர முடிவு ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். கேஷ் அமைப்பு none என்று இருந்தால் உண்மையிலேயே அப்படித்தான். எழுத்து நேராக டிஸ்க்குக்குப் போகிறது, பிழை நேராகக் கியூஎமுவுக்கு வருகிறது, தோற்ற எழுத்து கையில் இருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் இயல்பாக none வைப்பதால் அங்கே பலரும் தெரியாமலே தப்பித்துக்கொள்கிறார்கள்.

கேஷ் writeback என்று இருந்தால்தான் இரண்டு வழிகளும் உண்மையில் பிரிகின்றன. கியூஎமுவிடம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வதும் writeback-தான். இதில் எழுத்து முதலில் ஹோஸ்ட்டின் நினைவகத்தில், பேஜ் கேஷில் போய் உட்காரும். டிஸ்க்குக்குப் பிறகு போகும். qcow2 கோப்பாக இருந்தால், நினைவகத்தில் ஏற்றும்போதே ext4 அதற்கு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்து முன்பதிவு செய்துவிடும். இல்லையென்றால் அந்த நொடியே ENOSPC. அதாவது, கேஷ் இருந்தாலும் கோப்பு வழியில் பிழை தாமதமாவதில்லை. தின் வால்யூமோ வெறும் பிளாக் சாதனம். அதன்மேல் இருக்கும் பேஜ் கேஷுக்கு, கீழே துண்டு மீதி இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. நினைவகத்தில் இடம் இருக்கிறது, அதனால் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். கெஸ்ட் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

சிறிது நேரம் கழித்துக் கர்னல் அந்தப் பக்கங்களைக் கீழே தள்ளப் பார்க்கும். பூல் நிறைந்திருக்கும், 60 விநாடி காத்திருக்கும், பிழை வரும். அப்போது லினக்ஸ் அந்தப் பக்கங்களை ‘எழுதப்பட வேண்டியவை’ என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அடுத்த fsync ஒரு முறை பிழை சொல்லும். அதற்கடுத்த fsync, எதுவுமே நடக்காதது போல வெற்றி என்று சொல்லும். தரவு டிஸ்க்கில் இருக்காது. இந்த நடத்தைதான் 2018-இல் போஸ்ட்கிரெஸ் உலகில் பெரிய விவாதமாக வெடித்தது. கியூஎமுவை எழுதியவர்கள் இதை அறிந்தே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். பேஜ் கேஷ் வழியாகப் போன ஒரு ஃப்ளஷ் தோற்றுவிட்டால், அந்த டிஸ்க்கில் அதற்குப் பிறகு வரும் எல்லா ஃப்ளஷ்ஷையும் தோல்வி என்றே கியூஎமு அறிவிக்கும். கீழே என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாதபோது வெற்றி என்று சொல்ல மறுக்கிறது.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. பூலைப் பெரிதாக்கிவிட்டீர்கள், `lvs` 70 சதவீதம் என்று காட்டுகிறது, `virsh resume` கொடுக்கிறீர்கள். கெஸ்ட் சில விநாடிகளிலேயே மறுபடி நிற்கிறது, அல்லது உள்ளே டிஸ்க் பிழைகள் கொட்டுகின்றன. இடம் இருக்கும்போதே இப்படி நடந்தால் மறுபடி மறுபடி resume கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கியூஎமுவை முழுவதுமாக அணைத்து, புதிதாகத் தொடங்கி, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து, டேட்டாபேஸின் ஒருமைப்பாட்டைச் சோதித்து, தேவைப்பட்டால் பேக்கப்புக்குப் போக வேண்டியதுதான். கோப்பு வழியில், கீழே இருக்கும் ஃபைல் சிஸ்டம் உண்மையான டிஸ்க்கின்மேல் இருக்கும்வரை, இந்த நிலை வருவதில்லை. qcow2 வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டமே ஒரு தின் வால்யூமில் இருந்தால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஒரு தின்னுக்குமேல் இன்னொரு தின் அடுக்குபவர்கள் இதைக் கண்டிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும்.

தின் பூலுக்கு மட்டுமே உரிய ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் துண்டு யாருடையது என்ற பேரேட்டைப் பூல் தனியாக, மெட்டாடேட்டா வால்யூமில் வைத்திருக்கும். அதன் அளவு தனி, அதன் நிறைவு தனி. ஸ்நாப்ஷாட்கள் கூடக்கூட அது வேகமாக நிறையும். டேட்டாவில் இடம் இருந்து மெட்டாடேட்டா நிறைந்துபோனால் திரும்பும் பிழை ENOSPC அல்ல, பொதுவான டிஸ்க் பிழை. கியூஎமுவின் இயல்பான கொள்கை அதற்கு கெஸ்ட்டை நிறுத்தாது, கெஸ்ட்டிடமே சொல்லிவிடும். பல லினக்ஸ் கெஸ்ட்களில் உடனே ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும், டேட்டாபேஸ் விழும். தின் பூல் வைத்திருப்பவர்கள் லிப்வர்ட்டில் டிஸ்க்குக்கு error_policy='stop' என்று எழுதிவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்த எழுத்துப் பிழை வந்தாலும் கெஸ்ட் நிற்கட்டும். நின்ற கெஸ்ட்டை எழுப்பிவிடலாம்.

மீட்புக்கு வருவோம். முதல் ஹோஸ்ட்டில் இடம் தேடுவது சுலபம், ஏனென்றால் அது சாதாரண ஃபைல் சிஸ்டம். பழைய ஐஎஸ்ஓ கோப்புகள், அதே டிஸ்க்கில் கிடக்கும் பேக்கப்புகள், எதை எடுத்தாலும் இடம் வரும். எடுக்க எதுவும் இல்லையென்றால், முன்னே சொன்ன ரூட்டின் ஒதுக்கீடு இருக்கிறது. `tune2fs -m 1` என்ற கட்டளையோடு சாதனத்தின் பெயரைக் கொடுத்தால் ஒதுக்கீடு 5 சதவீதத்திலிருந்து 1 ஆகும். 100 ஜிபியில் 4 ஜிபி அந்த நொடியே கைக்கு வரும், ஃபைல் சிஸ்டத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அது நிரந்தரத் தீர்வு ஆகாது, ஆனால் கெஸ்ட்டை எழுப்பி, முறையாக அணைத்து, நிதானமாக யோசிக்க அவகாசம் தரும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. நின்றிருக்கும் கெஸ்ட்டின் qcow2 கோப்பில், அவசரத்தில், வெளியிலிருந்து `qemu-img` கொண்டு ஸ்நாப்ஷாட்டை நீக்கப் பார்ப்பது. கெஸ்ட் நின்றிருக்கிறதே தவிர, அந்தக் கோப்பைக் கியூஎமு இன்னும் திறந்துதான் வைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே பேரேட்டில் எழுதினால் கோப்பு கெட்டுவிடும். இன்றைய பதிப்புகள் பூட்டுப் போட்டுத் தடுக்கும். அந்தப் பூட்டை மீறும் வழிகளைத் தேட வேண்டாம்.

இரண்டாவது ஹோஸ்ட்டில் கோப்பு எதையும் அழிக்க முடியாது, ஏனென்றால் அங்கே கோப்பே இல்லை. வால்யூம் குரூப்பில் ஒதுக்காத இடம் இருந்தால் வேலை எளிது:

```
# lvs -a -o +metadata_percent vg0
# lvextend -L +20G vg0/pool
```

பூல் பெரிதானதும் கர்னல் தானாகவே எழுதும் நிலைக்குத் திரும்பிவிடும், பிறகு resume. ஒதுக்காத இடம் இல்லாவிட்டால், வேண்டாத ஸ்நாப்ஷாட்டை `lvremove` செய்யலாம். இந்த ஒரு விஷயத்தில் தின் பூல் qcow2-வை வெல்கிறது. ஸ்நாப்ஷாட் தனி வால்யூமாக இருப்பதால், கெஸ்ட் நின்றுகொண்டிருக்கும்போதே அதை நீக்கலாம், அதன் துண்டுகள் அப்படியே பூலுக்குத் திரும்பும். நம் கணக்கு சர்வரின் கதையில் அது ஒன்றே போதும். அதுவும் இல்லையென்றால் புதிய டிஸ்க்கைச் செருகி `vgextend` செய்வதுதான் வழி.

எழுப்பியதும் கடிகாரத்தைப் பாருங்கள். இது இரண்டு வழிகளுக்கும் பொது. நள்ளிரவு நின்று காலை எழுந்த கெஸ்ட்டுக்கு இன்னும் நள்ளிரவுதான். பல லினக்ஸ் விநியோகங்களில் chrony தொடங்கிய புதிதில் மட்டுமே நேரத்தைச் சட்டென்று தாவ விடும். பிறகு வரும் வித்தியாசத்தை மெல்ல மெல்லத்தான் சரிசெய்யும். அதன் இயல்பான உச்ச வேகத்தில் 5 மணி நேர இடைவெளியை அடைக்க 60 மணி நேரம் பிடிக்கும். அதுவரை பில்களில் தவறான நேரம் பதியும். கெஸ்ட்டுக்குள் `chronyc makestep` என்று கொடுத்துவிட்டுப் பிறகு பயனர்களைக் கூப்பிடுவது நல்லது.

இதெல்லாம் நடக்கும்முன் தெரியுமா என்றால், அதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தின் வால்யூம் உருவாக்கும்போது, வாக்குக் கொடுத்த மொத்தம் பூலின் அளவைத் தாண்டினால் எல்விஎம் அப்போதே எச்சரிக்கும். இடம் தீர்வதற்கு எதிரான பாதுகாப்பு போடப்படவில்லை என்றும் சேர்த்துச் சொல்லும். பலரும் அந்த WARNING வரிகளை ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகி, படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். `qemu-img create` எதுவும் சொல்லாது. 100 ஜிபி ஃபைல் சிஸ்டத்தில் ஒரு டெரா பைட் qcow2 கேட்டாலும் அமைதியாக உருவாக்கிக் கொடுக்கும். கணக்கை நாம்தான் போட வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் `qemu-img info` காட்டும் virtual size எண்களைக் கூட்டி, df காட்டும் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கண்காணிப்பில் நிலைமை தலைகீழ். முதல் ஹோஸ்ட்டை எந்தச் சாதாரணக் கண்காணிப்பு மென்பொருளும் பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் அது df-இல் தெரியும். தின் பூல் df-இல் தெரியவே தெரியாது. ஹோஸ்ட்டின் எல்லா ஃபைல் சிஸ்டமும் பச்சையாக இருக்க, பூல் 100 சதவீதத்தைத் தொட்டிருக்கும். `lvs`-இன் Data%, Meta% இரண்டையும் தனியாக எடுத்து அலாரம் வைத்தாக வேண்டும். தின் பூலுக்குத் தானே வளரும் வசதியும் உண்டு. /etc/lvm/lvm.conf கோப்பில் thin_pool_autoextend_threshold என்ற மதிப்பு இயல்பாக 100. அதாவது வசதி அணைக்கப்பட்டிருக்கிறது. அதை 70 ஆக்கினால், பூல் 70 சதவீதத்தைத் தாண்டும்போது தானாக 20 சதவீதம் வளரும். வளர்வதற்கு வால்யூம் குரூப்பில் ஒதுக்காத இடம் இருந்தால்தான். நிறுவும் அன்றே முழு டிஸ்க்கையும் பூலுக்கே எழுதிக்கொடுத்துவிட்டால் இந்த வசதியால் ஒன்றும் செய்ய முடியாது.

அழித்த கோப்புகளின் இடம் ஹோஸ்ட்டுக்குத் திரும்புவது இரண்டிலும் தானாக நடக்காது. டிஸ்க்கின் அமைப்பில் discard='unmap' இருந்து, கெஸ்ட்டுக்குள் `fstrim` ஓடினால்தான் திரும்பும். அப்போதும் ஸ்நாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் துண்டுகள் திரும்பாது. fstrim ஓட்டியும் இடம் வரவில்லையே என்று திகைப்பவர்கள் முதலில் ஸ்நாப்ஷாட் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே, தின் பூலையே வைத்திருப்பவர்களுக்கு என் கருத்து இது. கேஷை none ஆக்குங்கள். error_policy-ஐ stop ஆக்குங்கள். அதோடு, 60 விநாடி காத்திருப்பு கெஸ்ட் ஓட்டுபவர்களுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. உறங்கிக்கொண்டிருக்கும் நிர்வாகி ஒரு நிமிடத்தில் எழுந்து பூலைப் பெரிதாக்கப் போவதில்லை. `lvchange --errorwhenfull y vg0/pool` என்று கொடுத்துவிட்டால் பூல் நிறைந்ததும் உடனே ENOSPC வரும், கெஸ்ட் உடனே நிற்கும். பார்த்தால் இது கடுமையான அமைப்பாகத் தெரியும். ஆனால் கியூஎமுவுக்கு வேண்டியது தெளிவான, உடனடியான பிழைதான். இந்த மூன்றும் சேர்ந்தால் தின் பூலின் தோல்வி, qcow2-வின் தோல்வியைப் போலவே சுத்தமாகிவிடும்.

நாலைந்து கெஸ்ட்களை ஓட்டும், இரவில் கண்காணிக்க ஆள் இல்லாத சிறிய அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது கோப்பு வழியைத்தான். தனிப் பார்ட்டிஷனில், ஹோஸ்ட்டின் ரூட் ஃபைல் சிஸ்டத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் தீரும்போது ஹோஸ்ட்டும் சேர்ந்து முடங்கும். அதில் `fallocate -l 5G` கொண்டு ஒரு வெற்றுக் கோப்பையும் உருவாக்கி வைத்துவிடுங்கள். அவசரத்தில் அழிப்பதற்கென்றே அது இருக்கட்டும். பல கெஸ்ட்கள், அடிக்கடி ஸ்நாப்ஷாட், பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் தின் பூல் சரியான தேர்வு.

எவ்வளவு ஓவர்கமிட் செய்யலாம் என்று கேட்பவர்கள் இரண்டுக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா என்று விகிதம் கேட்கிறார்கள். விகிதத்தைவிட முக்கியம் மீதி இடம். ஸ்நாப்ஷாட் எடுக்கும் கெஸ்ட்களில் மிகப் பெரியது இதுவரை எழுதியிருக்கும் அளவு முழுவதும் ஒருமுறை நகலானாலும் தாங்கும் அளவுக்குக் கையில் இடம் இருக்க வேண்டும். நம் கதையில் அது 18 ஜிபி. இருந்தது 10.